நாற்பதில் எரியாத விளக்கு

பிரான்சிஸுக்கு ஒரு பழக்கம். நாலு பாதை சேருகிற கூட்ரோட்டைத் தாண்டி நேராகப் போகவேண்டுமென்றால் நாலு இண்டிகேட்டரையும் ஒன்றாக எரியவிடுவான். இடப்பக்கம் திரும்ப இடது, வலப்பக்கம் திரும்ப வலது, நேராகப் போக நாலும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் அந்தச் சிவப்பு முக்கோணப் பொத்தான் அதற்காக வைக்கப்பட்டதல்ல. வண்டி நடுரோட்டில் நின்றுபோனால், ஆபத்து, கிட்டே வராதே என்று பின்னால் வருகிறவனுக்குச் சொல்ல வைத்தது. இதை பிரான்சிஸுக்கு யாரும் சொல்லவில்லை என்று இல்லை. சொன்னவர்களும் கூட்ரோடு வந்தால் அதைத்தான் அமுக்கினார்கள்.

சொல்லி அலுத்தவர்களில் முக்கியமானவர் அவன் முதலாளி சீனுவாசன். திண்டிவனத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கிறார். "ஓடுற வண்டில நாலு லைட்ட போடாத பிரான்சிஸு. அது கல்யாண வீட்டு சீரியல் செட் இல்ல" என்பார். பிரான்சிஸ் தலையாட்டுவான். அடுத்த கூட்ரோட்டில் கை தானாகப் பொத்தானுக்குப் போகும். தும்மல் வந்தால் கை மூக்குக்குப் போவதில்லையா, அப்படி.

அன்று சாயங்காலம் புதிதாக வாங்கிய காரை விழுப்புரத்தில் ஒரு கல்யாண வீட்டில் கொண்டுபோய் விடவேண்டியிருந்தது. இப்படி வண்டியை விட்டுவிட்டு வருகிற நாளில் பின்னால் ஒருவன் பைக்கில் வருவது அவர்கள் வழக்கம். விட்டவனைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வரவேண்டுமே. பைக்கில் வந்தவன் அலெக்ஸ். அதே டிராவல்ஸில் இன்னொரு டிரைவர். பிரான்சிஸின் தங்கை ஆரோக்கியசெல்வியைக் கட்டியவன். வேலை வாங்கிக் கொடுத்ததே பிரான்சிஸ்தான்.

கூட்டேரிப்பட்டு தாண்டி ஒரு சின்னக் கூட்ரோடு. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று, பாதையே தனக்குச் சீதனமாக வந்தது போல, பக்கத்துச் சாலையிலிருந்து குறுக்கே ஏறிவிட்டது. பிரான்சிஸ் பிரேக்கை முழுக்க மிதித்தான். டயர் அலறியது. கரும்புக்கும் கார் மூக்குக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையும் இடைவெளியில் வண்டி நின்றது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் பின்னால் பெரிய சத்தம். அலெக்ஸின் பைக் காரின் பின்பக்கத்தில் வந்து மோதியிருந்தது.

இறங்கி ஓடினான். அலெக்ஸ் ரோட்டோரத்தில் கிடந்தான். ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. வலது கால் பார்க்கக்கூடாத மாதிரி திரும்பியிருந்தது. கூட்டம் சேர்ந்தது. காரின் நாலு லைட்டும் டிக் டிக்கென்று அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தன. அதைக் கூட்டத்தில் எல்லோரும் பார்த்தார்கள். பிரான்சிஸும் பார்த்தான். எப்போது அமுக்கினோம் என்று அவனுக்கு நினைவில்லை.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்க்கிற வழியில் அலெக்ஸ் வலியோடு சொன்னது ஒன்றுதான். "நாலு லைட்டும் போட்ட மச்சான். நேரா போறன்னு நெனச்சு நானும் கூடவே வந்துட்டேன். ஏன் மச்சான் நின்ன?"

"நான் போடல மாப்ள" என்றான் பிரான்சிஸ்.

"நான் கண்ணால பாத்தேன்."

கேட்ட எல்லோரும் அலெக்ஸைத்தான் நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? பிரான்சிஸ் நாலு லைட் போடவில்லை என்பது, பூனை பாலைத் தொடவில்லை என்கிற மாதிரி. ஆரோக்கியசெல்வி அண்ணன் முகத்தைப் பார்க்காமல் புருஷன் கட்டிலின் மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். அது அவனுக்கு வலித்தது. அதைவிட வலித்தது, தன் கை அமுக்கியதா இல்லையா என்று தனக்கே உறுதியாகத் தெரியாதது.

ஒரு விஷயம் மட்டும் அவனுக்கு உறுதியாகத் தெரியும். வேகம். விசாரிக்க வந்த ஏட்டையா கேட்டபோது "நாப்பதுல தான் சார் வந்தேன்" என்றான். சீனுவாசன் கேட்டபோதும் நாற்பது. டிரைவர்களுக்கு விபத்து நடந்த எல்லா இடத்திலும் வேகம் நாற்பதுதான். வேறு எண் வாயில் வராது. உண்மையில் முள் எழுபத்தைந்தைத் தொட்டிருந்தது. கூட்ரோடு வருகிறது என்று தெரிந்தும் அவன் குறைக்கவில்லை. புது வண்டி, வழுக்கிக்கொண்டு போயிற்று. வேகம் காட்டிக்கொடுக்கும் ஜி.பி.எஸ். பெட்டியை அதில் இன்னும் பூட்டவில்லை. அலெக்ஸையும் ஏட்டையா கேட்டார். அவனும் நாற்பது என்றான். இரண்டு பேரும் ஒரே எண்ணைச் சொன்னதால் அதை யாரும் மறுபடி கிளறவில்லை.

சீனுவாசன் இரண்டு நாள் பொறுத்தார். பிறகு ஆஸ்பத்திரி வாசலில் பிரான்சிஸை நிறுத்திச் சொன்னார்:

"அவன் நீ லைட்ட போட்டன்றான். நீ போடலன்ற. ரெண்டுல ஒருத்தன் பொய் சொல்றான். நீ போட்டிருந்தா, நான் அவ்ளோ சொல்லியும் போட்டு ஒருத்தன் கால ஒடச்சிட்ட. நீ இங்க வேணாம். நீ போடலன்னா, அவன் ஒட்டிக்கினு வந்து இடிச்சிட்டு உன் மேல பழிய போடுறான். அவன் கால் சரியானாலும் இங்க வரவேணாம். பொய் சொல்றவன வண்டில ஏத்தி ஜனங்கள அனுப்ப என்னால முடியாது."

கோபக்காரர் இல்லை. அதனால் அவர் சொன்னால் சொன்னதுதான்.

அடிபட்ட கார் விழுப்புரத்தில் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் நின்றது. பம்பரும் டிக்கி கதவும் மாற்றிய பிறகு சீனுவாசனும் பிரான்சிஸும் எடுக்கப் போனார்கள். அங்கே எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவள் கலையரசி. லேப்டாப்பை வண்டியில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம் சீனுவாசன் கேட்டார்: "யாம்மா, அன்னைக்கு இவன் நாலு லைட்டு பட்டன அமுக்கினானா இல்லியான்னு இதுல தெரியுமா?"

"கோளாறு இருந்தா தான் சார் இதுல பதியும். பட்டன் அமுக்குறது கோளாறு இல்லயே" என்றாள். பிறகு பிரான்சிஸ் பக்கம் திரும்பினாள். "எப்படி எரிஞ்சுதுண்ணே? அமுக்குனா எரியிற மாதிரியா, இல்ல படபடன்னா?"

"நான் எறங்கிப் பாக்கும்போது எப்பவும் போல தான் எரிஞ்சுது மேடம்."

"நின்னதுக்கு அப்புறம் அப்படித்தான் எரியும். நிக்கறதுக்கு முன்னாடி?"

பிரான்சிஸுக்குத் தெரியவில்லை. அவன் கண் முழுக்கக் கரும்பாக இருந்தது.

"இடிச்ச அதிர்ச்சில எரிஞ்சிருக்குமா?" என்று சீனுவாசன் கேட்டார்.

"ஏர்பேக் வெடிச்சா எரியும் சார். வெடிக்கல. அதுவும் இல்லாம, பைக்ல வந்தவரு இடிக்கறதுக்கு முன்னாடியே பாத்தேன்றாரு இல்ல?" கொஞ்சம் யோசித்தாள். "இந்த வண்டில கடுமையா பிரேக் போட்டா லைட்டு தானாவே எரியும் சார். எப்படியும் டெஸ்ட் எடுக்கணும். வாங்க, பாத்துடலாம்."

பிரான்சிஸுக்கு உடம்பே லேசாகிவிட்டது. தானாகவே எரியும்! ஒரு வண்டி இப்படிச் செய்யும் என்று வாங்கின அன்றே ஒருத்தரும் சொல்லவில்லையே என்று உள்ளுக்குள் எல்லோரையும் திட்டினான். வண்டியோடு வந்த தடித்த புத்தகம் டேஷ்போர்டு அறையில் பாலித்தீன் கவர் பிரிக்காமல் கிடந்தது. அது பற்றி அவன் நினைக்கவில்லை.

ஊருக்கு வெளியே புதிதாகப் போட்டு இன்னும் திறந்துவிடாத சாலைத் துண்டு ஒன்று இருந்தது. அதில் மல்லாட்டைக் கடலை காயப்போட்டவர்கள் அதை ஒரு ஓரமாக ஒதுக்கிக்கொண்டார்கள். சீனுவாசன் வண்டியின் பின்பக்கம் தெரிகிற மாதிரி தூரத்தில் போய் நின்றார். கலையரசி ஓட்டினாள். பிரான்சிஸ் பக்கத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்தான்.

"எவ்ளோ வேகத்துல வந்தீங்கண்ணே?"

"நாப்பது" என்றான். வாய் பழகிவிட்டது.

கலையரசி நாற்பதுக்கு ஏற்றினாள். கண்ணாடியில் பின்னால் கிட்டத்தில் யாரும் இல்லை என்று பார்த்தாள். பிரேக்கைத் தரையோடு மிதித்தாள். பெல்ட் நெஞ்சை இறுக்கியது. காலடியில் பிரேக் கடகடவென்று அதிர்ந்தது. வண்டி நின்றது. டேஷ்போர்டில் ஒரு அம்புக்குறியும் மினுக்கவில்லை. தூரத்தில் சீனுவாசன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்: எரியவில்லை.

பிரான்சிஸ் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான்.

"இன்னா மேடம், தானா எரியும்னீங்க?"

"இருங்கண்ணே."

அடுத்தது எழுபத்தைந்துக்குப் போனாள். இந்த முறை பதமாக, பஸ் ஸ்டாப் வருகிற மாதிரி மிதித்து நிறுத்தினாள். அதற்கும் ஒன்றுமில்லை. சீனுவாசன் மறுபடி கையை விரித்தார்.

மூன்றாவது முறையும் எழுபத்தைந்து. இந்தத் தடவை முழு மிதி. டயர் அலறியது, அன்று கேட்ட அதே அலறல். அந்த நொடியிலேயே டேஷ்போர்டில் இரண்டு பச்சை அம்புக்குறியும் படபடவென்று துடிக்க ஆரம்பித்தன. சிவப்புப் பொத்தானும் கூடவே துடித்தது. யாரும் அதைத் தொடவில்லை. கலையரசியின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. வண்டி நின்றதும் துடிப்பு நிதானமாகி, வழக்கமான டிக் டிக்காக மாறியது. சீனுவாசன் கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்.

அந்த நிமிஷம் பிரான்சிஸுக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. நான் அமுக்கவில்லை. என் கை அமுக்கவில்லை. தங்கச்சி முகத்தை நிமிர்ந்து பார்க்கலாம்.

"பெடல எவ்ளோ பலமா மிதிச்சீங்கன்னு மட்டும் வெச்சு அது எரியாதுண்ணே" என்றாள் கலையரசி. சந்தோஷமாக விளக்கினாள்; அவளுக்குப் பிடித்த விஷயம். "பிரேக் போட்டா சக்கரம் பூட்டி வழுக்காம தடுக்குற ஏ.பி.எஸ்.க்கு ஒவ்வொரு சக்கரத்துலயும் ஒரு சென்சார் இருக்குது. சக்கரம் எவ்ளோ வேகமா சுத்துது, அந்த வேகம் எவ்ளோ ஜல்தியா எறங்குதுன்னு அது பாத்துக்கினே இருக்கும். ரெண்டே கேள்வி. வண்டி அம்பத்தஞ்சுக்கு மேல போய்க்கினு இருந்துதா? வேகம் ஒரு நொடிக்கு இருவத்தஞ்சு கிலோமீட்டர் கணக்குல சரியுதா? ரெண்டுக்கும் ஆமான்னா தான் எரியவுடும். மொதல்ல முழுசா மிதிச்சேன், வேகம் பத்தல. ரெண்டாவது வேகம் இருந்துது, மிதி பத்தல. அதான் வெறும் பிரேக் லைட்டோட நின்னுடுச்சு. கம்பெனிக்குக் கம்பெனி நம்பர் கொஞ்சம் மாறும். ஆனா மெதுவா போற வண்டிக்கு எதுவும் போடாது."

"ஏன் போடாது? மெதுவா போறவனுக்கும் போட்டா நல்லது தான?"

"டவுனுக்குள்ள ஒவ்வொரு பிரேக்குக்கும் எரிஞ்சா பின்னாடி வர்றவன் எவண்ணே மதிப்பான்? பாத்துப் பாத்து பழகிடுவான். நெசமா ஆபத்துன்னு எரியும்போதும் சும்மா தான்னு வந்துடுவான்."

பிரான்சிஸின் கண் அந்தச் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. கலையரசி அவனைத் திரும்பிப் பார்த்தாள். முதல் சோதனை எந்த வேகத்தில் என்று அவளிடம் சொன்னது அவன்தான். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் சீனுவாசன் பக்கத்தில் நிறுத்தினாள்.

"மொதல்ல ஏம்மா எரியல?" என்றார் அவர்.

"வேகம் பத்தல சார்."

அவர் தலையாட்டினார். வேண்டிய பதில் கிடைத்துவிட்ட மனுஷனுக்கு அதற்கு மேல் காது கேட்காது. எத்தனை வேகம் என்று அவர் கேட்கவில்லை. பிரான்சிஸ் தோளில் தட்டினார். பத்து வருஷமாக அவரிடம் ஓட்டுகிறவன். அவனை அனுப்ப அவருக்கும் மனசில்லைதான். "நீ போடல. அது போதும். அலெக்ஸ்கிட்ட நானே பேசிக்கிறேன். பாவம், கால் ஒடஞ்சவன். ஆனா உன் மேல அபாண்டமா சொன்னான் பாரு, அது தப்பு."

"அவன் எரிஞ்சுதுன்னு தாண்ணே சொன்னான்..."

"நீ போட்டன்னு சொன்னான். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி கணக்க முடிச்சிட்டு வர்றேன். நீ வண்டிய எடுத்துக்கினு கெளம்பு."

முண்டியம்பாக்கம் வழியில்தான் இருந்தது. பிரான்சிஸ் வண்டியை ஆஸ்பத்திரிக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனான். வழி முழுக்க மனசு கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. பேசாமல் இருந்தால் வேலை இருக்கிறது. நாலு லைட் போடாதவன் என்ற பேரும் இருக்கிறது. பத்து வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பேர் கிடைத்திருக்கிறது. அலெக்ஸுக்கு வேறு இடத்தில் வேலை பார்த்துக் கொடுக்கலாம். ஒரு பொய்யை நியாயமாக்க எத்தனை நல்ல எண்ணங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன!

அலெக்ஸின் கால் கட்டுப்போட்டு உயரத்தில் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. ஆரோக்கியசெல்வி இட்லி பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் தட்டை வைத்துவிட்டு எழுந்தாள்.

"இரு செல்வி. நீயும் கேளு" என்றான் பிரான்சிஸ். நடந்ததைச் சொன்னான். நாற்பதில் எரியவில்லை, அப்புறம் வண்டியே தானாக எரியவிட்டது என்றான். நான் போடவில்லை என்றான். அதைச் சொல்லும்போது எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை.

அலெக்ஸ் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான்.

"அதான் படபடன்னு எரிஞ்சுதா?" என்றான். "எப்பவும் நீ போடுற மாதிரி இல்லியேன்னு அப்பவே தோணுச்சு மச்சான். பிரேக் லைட்டும் செவப்பா தெரிஞ்சுது. மேக்கால வெயிலு வேற கண்ணுல. நான் மஞ்ச லைட்ட தான் பாத்தேன்."

"அப்பறம் ஏன் மாப்ள பிரேக்க புடிக்கல?"

"வேற எவன் வண்டில எரிஞ்சிருந்தாலும் புடிச்சிருப்பேன். இன்னாமோ ஆயிடுச்சுன்னு மெரண்டுருப்பேன்." அலெக்ஸ் சிரிக்க முயன்றான், கால் விடவில்லை. "ஓட்டுனது நீயாச்சே. கூட்ரோடு வந்துது, நாலும் எரிஞ்சுது. நேரா போறன்னு நான் ஆக்சிலேட்டர முறுக்கிட்டேன்."

அவன் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். அதுதான் பிரான்சிஸை அடித்துப்போட்டது. அன்று அவன் கை பொத்தானைத் தொடவில்லை. பத்து வருஷமாகத் தொட்டதே போதுமானதாக இருந்தது. வண்டி தன்னால் முடிந்த அளவுக்கு நில்லு நில்லு என்று கத்தியிருக்கிறது. அந்தக் கத்தலை நேராகப் போகிறேன் என்று மாற்றி வைத்தவன் அவன்.

ஆரோக்கியசெல்வி இட்லித் தட்டை மறுபடி எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். படித்தது எட்டாவதுதான் என்றாலும், வீட்டில் இரண்டு டிரைவர்களின் பொய்யைக் கேட்டுப் பழகிய காது.

"அண்ணா, நாப்பதுல போனா எரியலன்னு சொன்னியே. அன்னைக்கு எரிஞ்சுதுல்ல?"

அலெக்ஸ்தான் முதலில் வாயைத் திறந்தான். "வுடு செல்வி."

"உனக்கும் தெரியுமா?"

"அவன் பின்னாடியே தான நானும் போனேன். என் முள்ளும் எழுவத தாண்டி தான் இருந்துது. மச்சான் நாப்பதுன்னுட்டான். நான் வேற சொன்னா அவன் வேல போயிடும்ல. நானும் நாப்பதுன்னு சொல்லிட்டேன்."

ஆரோக்கியசெல்வி புருஷனைப் பார்த்தாள். அப்புறம் அண்ணனைப் பார்த்தாள். விபத்து நடந்த நாளிலிருந்து அன்றுதான் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

"நாளைக்கு மொதலாளி வர்றாராம்" என்றான் பிரான்சிஸ். "மாப்ள பொய் சொன்னான்னு வேலைய வுட்டு அனுப்ப."

தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது. அவள் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிரான்சிஸ் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பான். அவனுக்கு அதில் நல்ல பழக்கம் உண்டு.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்தான். கார் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். போன் போட்டான்.

"இன்னா பிரான்சிஸு, வண்டி வந்துடுச்சா?"

"வழில தாண்ணே இருக்கேன். ஆஸ்பத்திரில. அண்ணே, அலெக்ஸ் பொய் சொல்லல. லைட்டு எரிஞ்சுது, பாத்தான், நான் தான் போட்டேன்னு நெனச்சான். என்னப் பாத்துப் பாத்து அப்படி நெனைக்கப் பழகிட்டான். பொய் சொன்னது நானு. நீங்க நாளைக்கு வந்தா அவன ஒண்ணும் சொல்லாதீங்க. சாவிய நான் கொண்டாந்து வெச்சிட்டுப் போறேன்."

"இன்னாடா சொல்ற? நீ போடலன்னு தான் அந்தப் பொண்ணு ஓட்டிக் காட்டிடுச்சே! நீ எதுல பொய் சொன்ன?"

உள்ளே ஆரோக்கியசெல்வி புருஷனுக்கு மறுபடி இட்லி பிட்டுக் கொடுப்பது கதவு வழியாகத் தெரிந்தது. பிரான்சிஸ் சாவியை இறுக்கிப் பிடித்தான்.

"நாப்பதுல போனேன்னு சொன்னேன்லண்ணே. நான் நாப்பதுல போயிருந்தா அந்த லைட்டே எரிஞ்சிருக்காது."